பளபளப்பை எழுதுவதா, வெளிச்சத்தை எழுதுவதா?

மாம்பலத்தில் ஒரு கிராம் தங்க நகை விற்கும் சின்னக் கடை ஒன்றுக்கு நான்தான் விளம்பர பேனர்கள் செய்து தருகிறேன். போன ஆடித் தள்ளுபடிக்கு ஒரு படம் கேட்டார்கள்: மாநிறக் கழுத்து, அதில் கெம்புக் கல் அட்டிகை, கிட்டத்தில் எடுத்த மாதிரி. மாடல் வைத்து எடுக்கக் காசில்லை. அதனால் ப்ராம்ப்ட் எழுதினால் படம் வரையும் செயலியிடம் போனேன். (விற்கிற நகையை இப்படிக் காட்டக் கூடாது, அதைப் படம் எடுத்துத்தான் போட வேண்டும். இது வெறும் பேனருக்கு.)

நகையை எழுதிக் காட்ட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பெயரடைகளைக் குவிப்பது: தகதகக்கும் தங்கம், ஜொலிக்கும் கற்கள், மாசற்ற சருமம், மிகமிகத் தத்ரூபம். இன்னொன்று, பளபளப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நகையைச் சுற்றி என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதுவது. நான் இப்போது இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முதலாவதை மட்டம் தட்டவும் மனசில்லை. இரண்டு வரியில் வேலை முடிந்துவிடும், வாட்ஸப் ஸ்டேட்டஸ் அளவில் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பேனர் அளவுக்குப் பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது. கடைக்கு வேலை செய்து தரும் பத்தர் ஒருவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “இது பித்தளை தம்பி, அதுவும் நேத்து புளி போட்டுத் தேய்ச்சது” என்றார்.

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தங்கத்தின் மேல் விழும் ஒளி உள்ளே போவதில்லை. மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது, திரும்பும்போது நீலத்தை மட்டும் ஓரளவு விட்டுவிட்டு வருகிறது. அதனால் நாம் தங்கம் என்று பார்ப்பது, சுற்றியிருப்பதன் மஞ்சள் பூசிய பிம்பத்தை. நகைக்கடையில் ரோஸ் காகிதத்தில் வைத்த மோதிரத்தைப் பாருங்கள். அப்புறம் அதையே உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். காகிதத்தின் மேல் இருக்கும்போது வளைவுகளில் ஒரு செம்மை ஓடும், கையில் வந்ததும் அது குறைந்துவிடும். என் முதல் படத்தில் தங்கம் எல்லாப் பக்கமும் ஒரே மஞ்சளாக இருந்தது. எங்குமே இருட்டு இல்லை. இருட்டைப் பிரதிபலிக்காத தங்கம் மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் மாதிரிதான் தெரியும்.

இரண்டாவது வழியில் நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

“இடது பக்கம் ஒரே பெரிய ஜன்னல், மெல்லிய வெள்ளைத் திரைச்சீலை வழியாக வரும் காலை வெளிச்சம். வலது பக்கம் கறுப்புத் துணி. தங்கத்தின் இடது வளைவில் ஜன்னலின் நீளமான பிம்பம், வலது ஓரங்களில் கரும்பழுப்பு.”

தங்கம் தங்கமாகிவிட்டது. ஆனால் கெம்பு கெட்டுப்போனது. பழைய ப்ராம்ப்டில் இருந்த ‘ஜொலிக்கும்’ என்ற ஒரு சொல்லை எடுக்க மறந்திருந்தேன். ஒவ்வொரு சிவப்புக் கல்லும் பட்டை தீட்டிய வைரம் மாதிரி நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெறித்தது. அட்டிகையில் நாம் பார்க்கும் கெம்பு அப்படியா இருக்கும்? வழவழவென்று மேடாக இழைத்த கல், அடியில் தகடு வைத்து மூடிக் கட்டியது. அது தெறிக்காது. உள்ளேயிருந்து தணல் மாதிரி ஒளிரும், மேலே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, “வழவழப்பான மேட்டுக் கற்கள், ஒவ்வொன்றின் இடது மேல் ஓரத்திலும் ஒரு சிறிய ஜன்னல் புள்ளி, அடியில் ஆழ்ந்த சிவப்பு” என்று எழுதினேன். ‘தெறிப்பு வேண்டாம்’ என்று எழுதாமல் இருந்ததும் காரணத்தோடுதான். பல செயலிகளில், வேண்டாம் என்று பெயர் சொன்ன பொருளே படத்தில் வந்து உட்கார்ந்துவிடும். என்ன இருக்க வேண்டுமோ அதைச் சொல்வதே பாதுகாப்பு.

அடுத்தது தோல். ‘மாசற்ற சருமம்’ என்றால் மாநிறம் இரண்டு படி வெளுத்து, மெழுகு பூசியது போல வருகிறது. தங்கத்தில் ஒளிப்புள்ளியும் மஞ்சளாக இருக்கும். தோலில் அப்படியில்லை, மேல் மினுமினுப்பு விளக்கின் நிறத்திலேயே நிற்கும், மற்ற ஒளி உள்ளே போய்ச் சிதறி வெளியே வரும். கறுத்த தோலில் அடிநிறம் ஆழமாக இருப்பதால் அந்த மினுமினுப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். அதைக் கட்டுப்படுத்தாவிட்டால் எண்ணெய் வழிகிற மாதிரி ஆகிவிடும். அதனால், “ஆழ்ந்த பழுப்புத் தோல், கழுத்தில் இரண்டு மெல்லிய மடிப்புக் கோடுகள், நுண்துளைகள் தெரிகின்றன, காரை எலும்பின் மேல் மட்டும் மங்கிய வெள்ளை மினுமினுப்பு, அட்டிகைக்குக் கீழே தோலை ஒட்டிய குறுகிய நிழல்” என்று எழுதினேன். அந்த நிழல்தான் முக்கியம். அது இல்லாவிட்டால் நகை கழுத்தில் கிடக்காது, ஸ்டிக்கர் ஒட்டினாற்போல மிதக்கும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது அழகு இல்லை, திருத்தம். பெயரடை ப்ராம்ப்டில் படம் தவறினால் எந்தச் சொல்லைத் தொடுவது? ‘தகதக’வுக்குப் பதில் ‘பளபள’ போட்டால் இருட்டு வந்துவிடுமா? வராது, வேறு ஒரு படம் வரும், அவ்வளவுதான். கடைக்கார அண்ணன் “தோடு பக்கம் கொஞ்சம் இருட்டா இருக்கே” என்று சொன்னால், வெளிச்சத்தை எழுதிய ப்ராம்ப்டில் கறுப்புத் துணியைச் சாம்பல் துணியாக்கினால் போதும். பெயரடைக் குவியலில் மறுபடி சீட்டுக் குலுக்கல். ஆடியில் அப்படி முப்பதுக்கு மேல் குலுக்கினேன். தீபாவளி பேனர் ஏழு தடவையில் முடிந்தது. இரண்டும் ஒரே மாதிரி வேலை இல்லை என்பதால் இதைக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: திருத்தும்போது, செயலி ஒவ்வொரு படத்தையும் எந்தத் தற்செயல் புள்ளியிலிருந்து வரையத் தொடங்குகிறது என்பதைக் குறிக்கும் ‘சீட்’ எண்ணை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள், அந்த வசதி உள்ள செயலியில். ஒரு தடவைக்கு ஒரு சொல் மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எது எதை மாற்றியது என்று தெரியாது.

சரி பார்ப்பதற்கு ஒரு சுருக்கு வழி: படத்தைப் பெரிதாக்கி, எல்லாக் கல்லிலும் வெள்ளைப் புள்ளி ஒரே பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு கல்லில் இடதும் அடுத்ததில் வலதுமாக இருந்தால், மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் கண்ணுக்கு ஏதோ உறுத்தும்.

வைரத்தோடு இரண்டே தடவைதான் செய்திருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். அதற்குப் பெரிய ஜன்னல் மட்டும் போதவில்லை, கல் பால் போல மங்கிவிட்டது. ஜன்னலோடு “தூரத்தில் மூன்று சிறிய பல்புகள்” என்று சேர்த்ததும் பட்டைகள் சில வெளுத்தும் சில கறுத்தும் பிரிந்தன. வானவில் நிறங்களை அதிகம் கேட்காதீர்கள். அந்தச் சிதறல் வைரத்தைவிட அமெரிக்கன் டைமண்டில்தான் கூடுதல், தெரிந்தவர் பார்த்தால் அதைத்தான் சொல்வார். நிஜ நகையின் புகைப்படத்தைக் கொடுத்து அதன்மேல் வரையச் சொல்வது மூன்றாவது வழி. வடிவம் நன்றாக ஒத்து வருகிறது, ஆனால் புகைப்படத்தில் இருந்த கடை டியூப்லைட்டும் கூடவே வந்துவிடுகிறது. ஒரு தடவை முயன்று விட்டுவிட்டேன்.

தீபாவளிப் படத்தைப் பத்தரிடம் காட்டினேன். தங்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கல்லையும் பார்த்தார், தலையாட்டினார். அப்புறம் விரலைக் கழுத்தின் ஓரத்தில் வைத்து, “இதுக்குக் கயிறும் இல்ல, கொக்கியும் இல்ல. அந்தப் பொண்ணு எப்படி மாட்டுச்சு?” என்று கேட்டார். அட்டிகையின் இரண்டு நுனிகளும் தோலுக்குள் போய் முடிந்திருந்தன.