முழுப் படமா, ஒற்றை நிறமா? கடுகளவு அட்டையில் எதைப் படிக்க முடியும்

பாளையங்கோட்டை நண்பர் 'குறுக்குத்துறை வெயில்' என்ற தன் கதைத் தொகுப்புக்கு இரண்டு அட்டைகளை அனுப்பி எதை வைக்கலாம் என்று கேட்டார். ஒன்று ஆறும் மண்டபமும் தெரியும் முழுப் புகைப்படம், மற்றது மஞ்சள் பரப்பில் கருப்புத் தலைப்பு. இணையக் கடையில் அட்டை கடுகளவாகத்தான் தெரியும் என்பதால், இரண்டையும் 1600 பிக்சல் அகலத்திலிருந்து 100-க்குச் சுருக்கி, போனைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன்.

புள்ளி: 16 மடங்கு சுருங்கும்போது 20 பிக்சல் புள்ளி ஒரு பிக்சல்தான் மிஞ்சும். புகைப்பட அட்டையின் மெல்லிய தூரிகை எழுத்தில் க், த் இரண்டும் புள்ளியை இழந்து 'குறுககுததுறை' ஆகிவிட்டன. மஞ்சள் அட்டையில் புள்ளி 48 பிக்சல், அதனால் தப்பித்தது.

பின்னணி: ஆற்று நீரின் மினுக்கத்தில் வெள்ளை எழுத்து பாதி கரைந்தது. நிழல் சேர்த்தால் சரியாகும் என்று நினைக்காதீர்கள், சிறிதானால் நிழலும் எழுத்தும் சேர்ந்து சாம்பல் கறையாகிவிடும். வானம் போன்ற வெறும் பகுதியில் தலைப்பை வைத்தால் படம் பிழைக்கும். மஞ்சளில் இந்தச் சிக்கலே இல்லை, ஆனால் வெளிர் மஞ்சள் என்றால் கடையின் வெள்ளைப் பக்கத்தில் அட்டையின் ஓரம் தெரியாது, மெல்லிய சாம்பல் கோடு போட வேண்டும்.

செலவு: பிறர் எடுத்த படம் என்றால் உரிமை வாங்க வேண்டும், நிறத்துக்கு வேண்டாம்.

இணையத்தில் மட்டும் விற்கும் கதைத் தொகுப்புக்கு மஞ்சளைத்தான் சொன்னேன். பயண நூல் என்றால், இடத்தைக் காட்டத்தான் வேண்டும், அதனால் புகைப்படம். தலைப்பை மட்டும் 'குறுக்குத்துறை' என்று ஒரே சொல்லாக்கி, தடித்த எழுத்தில் அகலம் முழுக்க, வானத்தின் மேல்.