கிட்டாரை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் ட்யூனரின் ஓரத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்

கெட்டுப்போகாத கிட்டாருக்கு ரிப்பேர் செலவு செய்துவிட்டு வந்திருக்கிறேன். பணம் போனதைவிட, நல்லா இருந்த ஃப்ரெட்டுகளை அரத்தால் ராவிவிட்டார்களே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. கடையின் பெயர் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்டில் தனியாக வாசிக்கும்போது என் கிட்டாரில் ஒரு குறையும் தெரியவில்லை. க்ளிப் ட்யூனரை ஹெட்ஸ்டாக்கில் மாட்டினால் ஆறு கம்பிகளுக்கும் பச்சை விளக்கு. ஆனால் கீபோர்டு வாசிக்கும் தம்பியோடு உட்கார்ந்தால் எந்தப் பாட்டும் புளிக்கும். எங்கே தப்பு என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது, மொத்தமாகவே ஒட்டாது.

ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோனேன். கிட்டாரைத் துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "நெக் வளைஞ்சிருக்கு சார், ஃப்ரெட்டும் ஏத்த இறக்கமா இருக்கு, லெவல் பண்ணணும்" என்றார். ஒரு கம்பியைக்கூட மீட்டிப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து வாங்கப் போனபோது, என் எதிரிலேயே காதால் சுருதி சேர்த்து, ஈ மேஜர் கார்டை ஒரு தடவை மீட்டினார். தேன் மாதிரி இருந்தது. கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஜி மேஜர் வாசித்தால் அதே கிட்டார் அழுகிறது. ட்யூனரை மாட்டினேன். ஐந்து கம்பிகள் கொஞ்சம் குறைவாகவும், மூன்றாவது கம்பி மட்டும் ரொம்பக் குறைவாகவும் காட்டின. புது வேலை, கம்பி தளர்ந்திருக்கும் என்று நினைத்து ஆறையும் பச்சைக்கு ஏற்றினேன். ஜி மேஜர் சரியாகிவிட்டது. ஆனால் அன்று மாலையே கீபோர்டோடு உட்கார்ந்தால் பழைய புளிப்பு திரும்ப வந்துவிட்டது.

கடைக்கு ஃபோன் செய்தேன். "மெஷினை நம்பாதீங்க சார், காதால சேர்க்கப் பழகுங்க" என்று பதில். பாதி சரிதான். மீதிப் பாதியைக் கீபோர்டுத் தம்பி கண்டுபிடித்தான்.

அவன் கீபோர்டில் 440 ஹெர்ட்ஸ் ஏ சுரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டை மீட்டச் சொன்னான். இரண்டும் ஒரே சுரம், ஒன்றாகக் கரைய வேண்டும். கரையவில்லை. சத்தம் 'வாவ், வாவ், வாவ்' என்று ஏறி இறங்கியது. இதைத்தான் விம்மல் என்பார்கள். வினாடிக்கு மூன்று விம்மல் என்றால் இரண்டு சுரத்துக்கும் நடுவே மூன்று ஹெர்ட்ஸ் வித்தியாசம். "அண்ணா, உங்க ட்யூனர்ல ஓரமா 443ன்னு போட்டிருக்கே, அது என்ன?" என்றான்.

அதுதான் விஷயம். ஏ சுரத்தை எத்தனை ஹெர்ட்ஸாக வைத்துக்கொள்வது என்பதை க்ளிப் ட்யூனர்கள் பலவற்றில் மாற்றலாம். என்னுடையதில் அதற்கான பட்டன் பவர் பட்டனை ஒட்டியே இருக்கிறது. பைக்குள் அமுங்கியதோ, நானே அழுத்தினேனோ, 440 இருக்க வேண்டிய இடத்தில் 443 ஆகிவிட்டது, அணைத்துப் போட்டாலும் அப்படியே நினைவில் வைத்திருந்தது. அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் இது சுமார் பன்னிரண்டு பங்கு உயரம். ஆறு கம்பியும் ஒரே அளவு ஏறியிருப்பதால் தனியாக வாசித்தால் தெரியவே தெரியாது. கீபோர்டு பக்கத்தில் வந்தால்தான் குட்டு உடையும். தடித்த ஐந்தாவது கம்பியில் இதே கோளாறு வினாடிக்கு ஒரு விம்மல்கூட ஆகாது, அதனால்தான் இத்தனை நாள் என் காதிலும் படவில்லை.

ரிப்பேர்க்காரர் ஒரே ஒரு சோதனை செய்திருந்தால் போதும். எதையும் அழுத்தாமல் வெறும் கம்பியை மீட்டி கீபோர்டோடு ஒப்பிட வேண்டும். வெறும் கம்பியே ஒட்டவில்லை என்றால் அதற்கு ஃப்ரெட் காரணமாக இருக்க முடியாது, ஏனென்றால் கம்பி எந்த ஃப்ரெட்டையும் தொடவில்லை. வெறும் கம்பி சரியாக இருந்து, அழுத்தும்போது மட்டும் சுருதி விலகினால்தான் கிட்டாரைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாக வைத்து ஹார்மோனிக் எடுத்து, பிறகு அதே இடத்தை அழுத்தி மீட்டி, இரண்டையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். எண் தப்பாக இருந்தாலும் இந்தச் சோதனை பலிக்கும், இரண்டு அளவும் ஒரே மாதிரிதானே தள்ளியிருக்கும். என் கிட்டாரில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

சரி, அந்த ஈ மேஜர் தேன்? அது தெரிந்து செய்ததா, பழக்கமா, எனக்குத் தெரியாது. அந்தக் கார்டில் மூன்றாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டில் ஜி ஷார்ப் வருகிறது. கிட்டாரின் ஃப்ரெட் கணக்குப்படி அந்தச் சுரம், காதுக்கு இயல்பாக இனிக்கும் இடத்தைவிட பதினான்கு பங்கு உயரமாகத்தான் இருக்கும். அந்த ஒரு கார்டு இனிக்க வேண்டுமென்று மூன்றாவது கம்பியைப் பதினான்கு பங்கு இறக்கினால் ஈ மேஜர் தேனாகிவிடும், ஆனால் ஜி மேஜரும் சி மேஜரும் கெட்டுப்போகும். காதால் சேர்ப்பவர்கள் நிறையப் பேர் விழும் குழி இது. ஒரு கார்டை மீட்டி மீட்டி அதை மட்டும் அழகாக்குவது. வேடிக்கை என்னவென்றால், மற்ற ஐந்து கம்பிகளை அவர் 440க்குச் சரியாகவே வைத்திருந்தார். அதையும் நான்தான் ட்யூனரை நம்பி ஏற்றிக் கெடுத்தேன்.

இப்போது ட்யூனரைப் போட்டதும் முதலில் எண்ணைப் பார்க்கிறேன். காதால் சேர்க்கும்போது ஐந்தாவது கம்பியை மட்டும் கீபோர்டிலோ 440 ட்யூனிங் ஃபோர்க்கிலோ சரிபார்த்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதன் ஏ சுரத்தோடே ஒப்பிடுகிறேன்: ஆறாவது கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட், நான்காவதில் ஏழு, மூன்றாவதில் இரண்டு, இரண்டாவதில் பத்து, முதல் கம்பியில் ஐந்து. ஒவ்வொன்றிலும் விம்மல் மெதுவாகி நிற்கும் வரை திருகுகிறேன். கம்பிக்குக் கம்பி தாவிக்கொண்டே போனால் முதலில் சேர்த்த கம்பியில் செய்த சின்னத் தப்பு கடைசி வரை ஒட்டிக்கொண்டு வரும், இதில் அது வராது. அழுத்தும் விரல் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கக் கூடாது, இழுத்தால் சுருதி ஏறும். அப்புறம், சுருதி தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டுக் கீழிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் திருகியின் பல்லில் இருக்கும் தளர்வால் நாலு தடவை மீட்டுவதற்குள் இன்னும் கொஞ்சம் இறங்கிவிடும்.

கடைக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். "ஃப்ரெட் லெவல் பண்ணது நல்லதுதானே சார்" என்றார். ராவிய ஃப்ரெட் திரும்ப வளராது. மாற்ற வேண்டிய நாள் சீக்கிரமே வரும், அதற்கு அவரிடம் போகப் போவதில்லை.