கூடுதலாக வந்த பத்தாயிரம்: திருப்பி அனுப்புகிறோம் என்று எழுதுவதா, நேர் செய்கிறோம் என்று எழுதுவதா?

குளிர்சாதனக் கருவிகளைப் பராமரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று, தன் வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்காக எழுதி வைத்திருந்த குறிப்பு இது: "தாங்கள் செலுத்திய பணம் கிடைத்தது. அதில் கொஞ்சம் கூடுதலாக வந்துள்ளது. அடுத்த பில்லில் பார்த்துக்கொள்கிறோம்." பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கூடுதல், அது எப்படி வந்தது, இப்போது அது யாருடைய பணம் என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் இதில் விடையில்லை.

நடந்தது எளிய கணக்கு. பராமரிப்புக் கட்டணம் 40,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 7,200 ரூபாய், ஆக மொத்தம் 47,200 ரூபாய்க்கு ஜூலையில் பில் போடப்பட்டது. ஜூன் மாதமே 10,000 ரூபாய் முன்பணம் வந்திருந்ததால் பாக்கி 37,200 ரூபாய்தான். வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவினர் பில்லின் அடியில் இருந்த மொத்தத் தொகையை மட்டும் பார்த்து 47,200 ரூபாயையும் அனுப்பிவிட்டார்கள். கூடுதல் தொகை முன்பணத்தோடு பைசா பிசகாமல் ஒத்துப்போனால், காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். எப்படித் திருத்தி எழுதினாலும் இந்தக் கழித்தல் கணக்கு குறிப்பில் இடம்பெற்றாக வேண்டும். அது இல்லையென்றால், எதிர்த்தரப்பில் இருப்பவர் தம் லெட்ஜரைத் திறந்து, முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

முதல் திருத்தம் இப்படி அமையலாம்: "கூடுதலாக வந்த ரூ.10,000-ஐ அக்டோபர் பராமரிப்புக் கட்டணத்துக்கான முன்பணமாக வைத்துக்கொண்டு, அந்தப் பில்லில் கழித்துக்கொள்கிறோம்." பணம் இரண்டு முறை கைமாற வேண்டாம் என்பதால் இரு தரப்புக்கும் இது வசதியாகத் தோன்றும். சிக்கல் 'முன்பணம்' என்ற சொல்லில் இருக்கிறது. சேவைக்காகப் பெறும் முன்பணத்துக்கு, அது கையில் வந்த மாதத்திலேயே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். பொருள் விற்பவர்களுக்கு 2017 நவம்பரிலேயே இந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. சேவை தருபவர்களுக்கு அது இன்னும் தொடர்கிறது. எனவே அந்தப் பத்தாயிரத்தை வரி உட்பட்ட தொகையாகக் கொண்டு 1,525 ரூபாயை வரியாகப் பிரித்து, ரசீதுச் சீட்டும் தர வேண்டியிருக்கும். வாடிக்கையாளரோ அக்டோபர் பில் கைக்கு வரும்வரை அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. தவறிப்போய் வந்த பணத்தை வைத்திருப்பதற்காக இத்தனை வேலையா என்று நிறுவனத்தின் கணக்காளர் கேட்டால், அதில் நியாயம் உண்டு. அதோடு, வாடிக்கையாளர் சம்மதித்தாரா என்பதும் அந்த வாக்கியத்தில் இல்லை.

இரண்டாவது திருத்தம்: "இத்தொகை எந்தப் பில்லுக்கும் உரியதன்று, தங்களுக்குத் திருப்பித் தர வேண்டியதாக எங்கள் கணக்கில் வைத்துள்ளோம். ஜூலை 25-க்குள் திருப்பி அனுப்புகிறோம்." எதிர்காலச் சேவை எதற்கும் கட்டணமாக இது எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பது இங்கே வெளிப்படையாகிவிடுவதால் வரிக் கேள்வி எழுவதில்லை. வங்கியில் ஒரு பரிமாற்ற வேலை கூடுகிறது, அவ்வளவே. காசோலையாக வந்த பணமாக இருந்தால் மட்டும், அது கணக்கில் சேர்ந்து தெளிந்த பிறகே இந்தக் குறிப்பை அனுப்ப வேண்டும். பெரிய தொகைக்குக் காசோலை தந்து, மீதியை உடனே திருப்பிக் கேட்டு, பின்னர் காசோலை திரும்பிவரும்படி செய்வது பழைய மோசடி.

"திருப்பித் தரவா, நேர் செய்யவா, தெரிவியுங்கள்" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதையும் சிலர் விரும்புவார்கள். பதில் வராவிட்டால் பணம் பெயரில்லாமல் கணக்கில் கிடக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. திருப்பித் தருவதையே முடிவாகச் சொல்லி, வேறு விருப்பம் இருந்தால் எழுதட்டும் என்று விடுவதே நல்லது. ஆயிரம் ரூபாய் வரையிலான சில்லறைக் கூடுதலுக்கு மட்டும் நேர் செய்வதைப் பரிந்துரைப்பேன். அந்த அளவுக்கு, அடுத்த பில்லின் தேதியிலேயே வரியைக் கணக்கிட்டுக்கொள்ளச் சேவை தருபவருக்குச் சட்டமே இடம் தருகிறது.

நான் தேர்ந்தெடுக்கும் வடிவம் இது:

"ஜூலை பில்லின் மொத்தம் ரூ.47,200. ஜூன் மாதம் தாங்கள் தந்த முன்பணம் ரூ.10,000 போகச் செலுத்த வேண்டியது ரூ.37,200. தங்களிடமிருந்து ரூ.47,200 வந்துள்ளதால் ரூ.10,000 கூடுதலாகிறது. இத்தொகையை, பணம் வந்த அதே வங்கிக் கணக்குக்கு ஜூலை 25-க்குள் திருப்பி அனுப்புகிறோம். அக்டோபர் கட்டணத்தில் நேர் செய்ய விரும்பினால் ஜூலை 22-க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்."

இதில் 'அதே வங்கிக் கணக்குக்கு' என்ற சொற்களை நீக்கக் கூடாது. வேறொரு கணக்கு எண்ணுக்கு அனுப்பும்படி மின்னஞ்சலில் கோரிக்கை வந்தால், ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவை அழைத்து உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது.