ஜீவனாம்ச மனு: 1950ஆம் ஆண்டுச் சட்டமா, 1976ஆம் ஆண்டுச் சட்டமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஜீவனாம்சம் கேட்டு வழக்கறிஞர் அலுவலகப் படியேறும் தோட்டத்துப் பெண்களில் பலர், எந்தச் சட்டத்தின்கீழ் மனுச் செய்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே எண்ணுகிறார்கள். வரவு செலவுச் சத்தியப் பத்திரத்தில் எதற்கு அழுத்தம் தர வேண்டும் என்பதையே அந்தத் தேர்வுதான் முடிவு செய்கிறது. இங்கே சொல்வது முஸ்லிம் அல்லாதவர்களுக்கானது; முஸ்லிம்களின் வழக்கு ஷரியா நீதிமன்றத்திற்குச் செல்லும்.

மணமான மாதர், குழந்தைகள் பராமரிப்புக்கான 1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் மணமுறிவு கேட்க வேண்டியதில்லை. கணவர் பராமரிக்கத் தவறினார் அல்லது மறுத்தார் என்று நிரூபித்தால், அவருடைய வசதிக்கு ஏற்ற விகிதத்தில் மாதத் தொகை கிடைக்கும். ஆகவே இவ்வழியில் கணவரின் வருமானமே அளவுகோல். உங்கள் செலவுப் பட்டியல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அவருடைய சம்பளத்திற்குச் சான்று இல்லையெனில் மனு நொண்டியடிக்கும். திருமணம், மணமுறிவு குறித்த 1976ஆம் ஆண்டுச் சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. அதன் 77ஆம் பிரிவு மணமுறிவு வழக்கு நடக்கும்போதும் அதற்குப் பின்னும் ஜீவனாம்சம் கேட்க இடமளிக்கிறது. 78ஆம் பிரிவு இருவரின் வசதியையும் தேவையையும் முதன்மையாகப் பார்க்கச் சொல்கிறது, தொகை வருமானத்தில் எத்தனை பங்கு என்பதைப் பொருட்படுத்துவதில்லை. இங்கே செலவுப் பட்டியலுக்கு எடை கூடுகிறது. ஆனால் மணவாழ்வு முறிந்ததில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதும் ஆராயப்படும். வழக்கும் ஈப்போ உயர்நீதிமன்றம்வரை போக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மனைவி உணவுக்கடையில் வேலை செய்து மாதம் 900 ரிங்கிட் பெறுகிறார், இரண்டு பிள்ளைகள், கணவர் செம்பனை ஆலைத் தொழிலாளி. முதல் வரைவில் உணவு 1,200, வாடகை 600, பள்ளி 500, மருத்துவம் 300, உடை 300, இதரச் செலவு 600 என மொத்தம் 3,500 ரிங்கிட் எழுதப்பட்டிருந்தது. எல்லாம் முழு எண்கள். ஒன்றுக்கும் ரசீது இல்லை. எதிர்த்தரப்பு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 900 ரிங்கிட் வரவில் 3,500 செலவு செய்தீர்களென்றால் மீதி 2,600 எங்கிருந்து வந்தது?

இரண்டாம் வரைவு ஆறு மாத வங்கிக் கணக்கையும் ரசீதுகளையும் முன்னால் வைத்து எழுதப்பட்டது. வாடகை 450, உணவு 780, மின்சாரமும் தண்ணீரும் 110, பள்ளிப் பேருந்து 160, டியூஷன் 120, மோட்டார்சைக்கிள் தவணை 180, பெட்ரோல் 90, கைப்பேசி 50, மருந்தகம் 40. தீபாவளி உடைகளுக்கும் பள்ளிச் சீருடைக்கும் ஆண்டுக்கு ஆகும் 720 ரிங்கிட்டைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 60 என்று சேர்த்தார்கள். மொத்தம் 2,040, பற்றாக்குறை 1,140. அந்தப் பற்றாக்குறைக்கும் விடை அதே பத்திரத்தில் இருந்தது: அண்ணனிடம் கைமாற்று 500, நகை அடகில் எடுத்தது 400, கட்டாமல் நிற்கும் பாக்கி 240. அண்ணனின் பணம் வங்கிக் கணக்கில் தெரியத்தான் போகிறது; மறைத்துப் பின்னால் பிடிபடுவதைவிடக் கடன் என்று முன்பே சொல்லி, அடகுச் சீட்டையும் இணைத்துவிடுவது மேல். அரசாங்க உதவித் தொகை வந்திருந்தால் அதையும் வரவில் காட்ட வேண்டும். தோட்ட வீட்டில் வாடகையின்றிக் குடியிருப்பவர் வாடகைக்குத் தொகை எழுதவே கூடாது. அந்த ஒரு வரியால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்கள்.

கணவரின் வருமானத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். வீட்டில் கிடந்த ஊழியர் சேமநிதி அறிக்கையை வைத்து 1,700 ரிங்கிட் என்று எழுதிவிடுகிறார்கள். மிகைநேர ஊதியத்திற்குச் சேமநிதிச் சந்தா பிடிப்பதில்லை. சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோ சந்தா மட்டும் அதையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே சம்பளச் சீட்டில் சொக்சோ சந்தா சேமநிதிச் சம்பளத்திற்கு உரியதைவிடக் கூடுதலாக இருந்தால் மிகைநேர வருமானம் உண்டு என்று ஊகிக்கலாம். ஆலைச் சம்பளம் மாதத்திற்கு மாதம் மாறுவதால் ஆறு மாதச் சராசரியே நியாயமான எண். சீட்டு கையில் இல்லையெனில், சம்பளப் பதிவேட்டுடன் முதலாளிக்குச் சம்மன் அனுப்புமாறு நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும்.

மணமுறிவு வேண்டாம், சாப்பாட்டுக்குப் பணம் வந்தால் போதும் என்ற நிலையில் 1950ஆம் ஆண்டுச் சட்டமே பொருத்தம் என்பது என் கருத்து. கட்டளையை வேண்டுமென்றே மீறும் கணவருக்கு, நிலுவை நிற்கும் ஒவ்வொரு மாதத்திற்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்கவும் அதில் இடமுண்டு. ஆனால் இருவரும் சம்மதித்துத் தனித்தனியே வாழ்ந்தாலோ தக்க காரணமின்றி மனைவி வர மறுத்தாலோ மனு நிற்காது. எனவே வீட்டைவிட்டு வெளியேறிய காரணத்தையும் நாளையும் பத்திரத்தில் தெளிவாக எழுத வேண்டும். பிரிவது உறுதியாகிவிட்டதென்றால் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இடைக்கால ஜீவனாம்சம் கேட்பதே நல்லது. நிலுவையை அங்கே கடனாக வசூலிக்கலாம். மூன்றாண்டுக்கு மேற்பட்ட நிலுவை கைக்கு வராது.

எந்த வழியானாலும் மனைவிக்கான தொகையும் பிள்ளைகளுக்கான தொகையும் தனித்தனி வரிகளில் இருக்கட்டும், ஏனெனில் மனைவி மறுமணம் செய்தால் அவருடைய பங்கு நின்றுபோகும், பிள்ளைகளின் பங்கு நிற்காது. பத்திரத்தில் கையெழுத்திட்ட பின் கடையில் சம்பளம் 900இலிருந்து 1,100 ஆனால், விசாரணைக்கு முன்பே துணைச் சத்தியப் பத்திரம் ஒன்றைத் தாக்கல் செய்து அதைச் சொல்லிவிட வேண்டும்.