3 சீசன், 11 பெட்டி இமாம் பசந்த்

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு 3 வருடமாக நத்தம் பக்கத்துத் தோப்பு ஒன்றிலிருந்து மாம்பழப் பெட்டி வருகிறது. தோப்புக்காரரே வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, பார்சல் சர்வீஸில் போட்டுவிடுவார். இதுவரை 11 பெட்டி வாங்கிவிட்டோம், எல்லாமே 5 கிலோ இமாம் பசந்த். ருசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதல் வருடம் எடையில்தான் மனத்தாங்கல். அட்டைப்பெட்டி, வைக்கோல் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 5 கிலோ. பழத்தை மட்டும் தராசில் வைத்தால் 4 கிலோ 400 கிராம். சொன்னதும் மாற்றிக்கொண்டார். இப்போது பழ எடையை மட்டும் பெட்டிமேல் எழுதுகிறார். வழியில் ஈரம் வற்றி 100 கிராம் போலக் குறையும், அது இயற்கை.

இமாம் பசந்துக்குத் தோல் மெலிசு. பழுத்ததை அனுப்பினால் லாரியிலேயே நசுங்கிவிடும், அதனால் முற்றிய காயாகத்தான் வரும். வந்த அன்றே இரண்டாங்கட்டில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று முட்டாமல் வைத்துவிடுவோம். நாலைந்து நாளில் வளவு வரைக்கும் வாசம் வரும்.

சிக்கல் வந்தது அழுகலில்தான். ‘பெட்டி வந்த 24 மணி நேரத்துக்குள் போட்டோ அனுப்ப வேண்டும்’ என்பது அவர் விதி. போன வருடம் ஒரு பெட்டியில் 9 காய். முதல் நாள் ஒன்றில்கூடப் புள்ளி இல்லை. நாலாம் நாள் காலையில் இரண்டு பழத்தில் காம்பைச் சுற்றிப் பழுப்பு வளையம். கட்டைவிரலை வைத்தால் உள்ளே அமுங்கியது. மறுநாள் பாதிப் பழம் போய்விட்டது. இதுதான் காம்பழுகல். கிருமி தோப்பிலேயே காம்பில் ஏறிக்கொண்டு, காய் பழுக்கும்வரை அடங்கிக் கிடக்கும். இரண்டும் சேர்ந்து 1 கிலோவுக்கு மேல், பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு.

“நேரம் தாண்டிருச்சே அக்கா” என்றார். “தம்பி, அடிபட்டது முதல் நாளே தெரியும். காம்புல அழுகுறது பழுக்கும்போதுதானே தெரியும்?” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பணத்தை அடுத்த பெட்டியில் கழித்துக்கொண்டார்.

இந்த வருடம் விதியையே இரண்டாகப் பிரித்துவிட்டார். நசுங்கல், கீறலுக்கு 24 மணி நேரம். காம்பழுகலுக்கு 6 நாள், காம்பு தெரிகிற மாதிரி போட்டோ. பதிலுக்கு, காயை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்கிறார். அது நியாயம்தான், குளிர்ந்த காய் சரியாகப் பழுக்காது, தோலும் கறுத்துவிடும். அப்புறம், காம்பை ஒரு விரல்கடை விட்டுப் பறிக்கச் சொல்லியிருக்கிறார். பால் வடிந்த கறையும் இல்லை, அழுகலும் குறைவு: இந்த வருடம் 4 பெட்டியில் ஒரே ஒரு பழம்தான் போனது.

கொட்டைக்குள் வண்டு இருப்பதற்கு மட்டும் இன்னும் விதி இல்லை. வெளித்தோலில் ஒன்றுமே தெரியாது, அறுத்தால்தான் தெரியும். அறுத்த பழத்தின் போட்டோவையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடுத்த சீசனுக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.