கல்வாழைத் தூரைப் பிரித்து நட்டேன்: இரண்டு முறை செய்த அனுபவம்

ஒரே தொட்டியில் நாலு வருஷமாக இருந்த என் சிவப்புக் கல்வாழை, மூன்றாவது வருஷமே பூக்கிறதைக் குறைத்துவிட்டது. தண்டுகள் ஒல்லியாக, நெருக்கமாக வந்தன. தண்ணீர் ஊற்றினால் மண்ணில் இறங்காமல் மேலேயே நின்றது. உள்ளே மண்ணைவிடக் கிழங்குதான் அதிகம் என்று அப்போதுதான் புரிந்தது.

முதல் தடவை பிரித்தபோது நிறைய செடி கிடைக்கட்டும் என்று ஒவ்வொரு முளைக்கும் ஒரு துண்டாகப் பன்னிரண்டு போட்டேன். இலைகளை வெட்டவில்லை, வெட்டிய ஈரத்தோடு நட்டேன், தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஏழு துண்டுகள் அழுகின. இலை வாடுகிறதே என்று நான் இன்னும் ஊற்ற ஊற்ற, கீழே கிழங்கு கூழாகிக்கொண்டிருந்தது. வேர் அறுந்த செடியால் அவ்வளவு பெரிய இலைகளுக்குத் தண்ணீர் அனுப்ப முடியாது, அதனால்தான் வாட்டம். மண்ணில் தண்ணீர் இல்லாததால் இல்லை.

இரண்டாவது தடவை, பழைய கிழங்கில் புது முளைகள் தலைகாட்ட ஆரம்பித்த நேரமாகப் பார்த்துச் செய்தேன். தண்டுகளை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிட்டு, தூரை அப்படியே கவிழ்த்து எடுத்து, மண்ணைத் தண்ணீரில் அலசினேன். அலசினால்தான் எங்கே வெட்டுவது என்று தெரிகிறது. நடுவில் இருந்த பழைய கிழங்கு பழுப்பாக, அழுத்தினால் உள்ளே போகிற மாதிரி இருந்தது. அதைத் தூக்கிப் போட்டேன். ஓரத்துக் கிழங்குதான் நல்லது. வெட்டினால் உள்ளே வெளுப்பாக, கெட்டியாக இருக்கும். துண்டுக்கு இரண்டு மூன்று முளையாவது இருக்கும்படி ஐந்தாகப் பிரித்தேன்.

கத்தியை ஒவ்வொரு செடிக்கும் நடுவே சுத்தம் செய்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இலையில் மஞ்சள் கோடும் திட்டுமாகத் தெரிகிற செடிக்கு வைரஸ் நோய் இருக்கலாம், அது சாற்றின் வழியே அடுத்ததற்குப் போகும். அந்த மாதிரி செடியைப் பிரிக்கவே வேண்டாம்.

துண்டுகளை நிழலில் ஒரு நாள் வைத்து, வெட்டுவாய் காய்ந்த பிறகு, ஒரு அடி அகலத் தொட்டிக்கு ஒன்று வீதம் முளை மேலே பார்க்க, நாலு விரல் ஆழத்தில் நட்டேன். அன்று ஒரு முறை நன்றாகத் தண்ணீர். அப்புறம் மேல்மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம். உரமே போடவில்லை. மூன்றாவது வாரம் சுருட்டிய இலை ஒன்று மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது, அதற்கப்புறம்தான் தண்ணீரைக் கூட்டினேன்.

ஐந்தும் பிழைத்தன. ஒன்று மட்டும் ரொம்பத் தாமதித்தது. தோண்டிப் பார்க்கக் கை பரபரத்தாலும், வெளியே தெரிந்த பழைய தண்டை மட்டும் லேசாக அசைத்துப் பார்த்தேன், கையோடு வராமல் பிடித்து நின்றது. சரி, வேர் விட்டிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஆறாவது வாரம் முளைத்தது.