ஒரே குளிரறையில் வாழைத்தாரும் பன்னீர் திராட்சையுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் வாழைத் தோட்டமும் திராட்சைப் பந்தலும் அருகருகே இருக்கும். வாழையை முக்கால் விளைச்சலில் பச்சையாக வெட்டி லாரியில் ஏற்றிவிடலாம். பன்னீர் திராட்சையை அப்படி வெட்டினால் காலத்துக்கும் புளிப்புதான்.

காரணம் இருப்பு. பச்சை வாழையின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. வெட்டிய பிறகு எத்திலீன் வாயு பட்டால் காயின் சுவாசம் திடீரென ஏறி உச்சம் தொடும். அந்த வேகத்தில் மாவு சர்க்கரையாகும். இந்த உச்சம் உள்ள பழங்களைத்தான் கிளைமாக்டெரிக் என்கிறார்கள். தாருக்குப் புகை மூட்டம் போட்ட நம் பெரியவர்கள் செய்ததும் இதுதான், புகையில் எத்திலீன் உண்டு.

திராட்சையில் அப்படிப்பட்ட மாவு இருப்பு கிடையாது. இலை தயாரிக்கும் சர்க்கரை காம்பு வழியாக வந்து சேர்ந்தால்தான் இனிப்பு. கொத்தை வெட்டியதும் வரவு நின்றுவிடும். ‘நாலு நாள் வைத்தால் இனித்துவிடும்’ என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். பழம் வாடும், அவ்வளவே. நிறத்தையும் நம்ப முடியாது, எத்திலீனை வெளியிடும் எத்திஃபான் மருந்தைத் தெளித்தால் இனிப்பு ஏறாமலே கறுக்கும். கொத்தின் நுனிப் பழம் கடைசியாகத்தான் பழுக்கும். அதைத் தின்று பாருங்கள். அது இனித்தால் வெட்டலாம்.

சரி, குளிரறைக்கு வருவோம். பழம் மூச்சுவிட்டால் வெப்பமும் வரும். 18 டிகிரியில் பழுக்கும் ஒரு டன் வாழை, உச்சத்தில் ஒரு நாளில் வெளியிடும் வெப்பம் கிட்டத்தட்ட 90 கிலோ ஐஸை உருக்கிவிடும். 0 டிகிரியில் இருக்கும் ஒரு டன் திராட்சையோ 3 கிலோவைக்கூட உருக்காது. அதனால் பழுக்கவைக்கும் அறையில் இயந்திரத்துக்குக் கூடுதல் திறன் வேண்டும்; சேரும் கரியமில வாயுவையும் அவ்வப்போது வெளியேற்ற வேண்டும், இல்லையேல் பழுப்பது தாமதமாகும்.

அப்படியானால் வாழையையும் 0 டிகிரியில் அடக்கிவைக்கலாமே? முடியாது. 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்குக் குளிர்க்காயம். தோலைச் சீவினால் உள்ளே பழுப்புக் கோடுகள் தெரியும்; பிறகு எத்திலீன் கொடுத்தாலும் பளிச்சென்ற மஞ்சள் வராது, சாம்பல் பூத்தாற்போல் மங்கும். திராட்சைக்கு இந்தப் பயமில்லை. அதன் எதிரிகள் ஈர இழப்பும் பூஞ்சையும். பழத்துக்கு முன்னால் காம்பு காய்ந்து பழுப்பாகும், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இரண்டையும் ஒரே அறையில் வைக்கலாமா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதே. 13 டிகிரி வைத்தால் திராட்சை சீக்கிரம் கெடும். 0 வைத்தால் வாழை போய்விடும். ஒரே ஓர் அறை கட்டத்தான் பணம் இருக்கிறதென்றால் வாழைக்குக் கட்டுங்கள், திராட்சையை விடியற்காலையில் வெட்டி அன்றைக்கே மண்டிக்கு அனுப்பிவிடுங்கள்.